குளிச்சாச்சா அண்ணாச்சி? – பொழுது பார்த்துச் சொல்லும் வணக்கங்கள்



மாலைக் கூட்டத்தில் மேடையேறுகிறவர்கள் ‘மாலை வணக்கம்’ என்று தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலைக் கூட்டம் என்றால் ‘காலை வணக்கம்’. ஆனால் அரங்குக்குள் வருமுன் வாசலில் நாம் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வது வேறு. ‘வாங்க அண்ணாச்சி, காப்பி குடிச்சாச்சா?’ என்கிறோம். ‘என்ன மதினி, பஸ் சீக்கிரம் கெடச்சுட்டா?’ என்கிறோம். மேடைக்கு ஒரு முறையும் வாசலுக்கு ஒரு முறையுமாக, தாமிரபரணிக் கரையில் வாழ்கிற நாம் இரண்டு விதமாகப் பொழுதைச் சொல்கிறோம். இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, எது எங்கே செல்லும், உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போவோம். குறுக்குத்துறையில் விடியற்காலம். துண்டும் சோப்பு டப்பாவுமாக ஒருவர் படித்துறைக்கு இறங்குகிறார். எதிரே இன்னொருவர் குளித்துவிட்டு ஏறி வருகிறார். தலையில் நீர் சொட்டுகிறது, பிழிந்த வேட்டி தோளில் கிடக்கிறது. இறங்குகிறவர் கேட்கிறார்: ‘குளிச்சாச்சா அண்ணாச்சி?’ ஏறுகிறவர் சொல்கிறார்: ‘ஆச்சு ஆச்சு. தண்ணி நல்லா போகுது. நீங்க இப்பத்தான் வாரியளா?’ இரண்டு பேரும் நடையை நிறுத்துவதில்லை. ஆளுக்கொரு படி கடப்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

கேட்டவருக்குத் தகவல் தேவைப்படவில்லை. எதிரே வருகிறவர் குளித்துவிட்டார் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஆகவே இது கேள்வியின் உருவத்தில் வருகிற வணக்கம். இதற்குப் பதில் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘ஆச்சு’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும், கூடவே ஒரு சின்னச் செய்தி தர வேண்டும், பிறகு கேட்டவரிடம் அதே அக்கறையைத் திருப்பிக் கேட்க வேண்டும். ‘ஆமா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ‘என்ன, மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்காரு’ என்ற பேச்சு வந்துவிடும்.

இந்தக் கேள்வி பொழுதோடு சேர்ந்து மாறுகிறது. விடிந்ததும் ‘குளிச்சாச்சா?’. சற்று நேரத்தில் ‘காப்பி குடிச்சாச்சா?’. ஒன்பது மணிக்கு ‘வேலைக்குக் கிளம்பியாச்சா?’. உச்சியில் ‘சாப்பிட்டாச்சா?’. கடைத்தெருவில் காலையில் பார்த்துக்கொண்டால் ‘போணி ஆச்சா?’. கார் நெல்லுக்கோ பிசான நெல்லுக்கோ நாற்றுப் பாவுகிற நாட்களில் நெல்லைக் கால்வாய்ப் பக்கமும் பாளையங்கால்வாய்ப் பக்கமும் வரப்பில் சந்திக்கிறவர்கள் ‘மடையில தண்ணி வந்துட்டா?’ என்பார்கள். கடிகாரத்தைப் பார்க்காமலே, கேட்கிற கேள்வியை வைத்து இது எந்தப் பொழுது, கேட்கப்படுகிறவர் என்ன தொழில் செய்கிறவர் என்று சொல்லிவிடலாம். காலை நல்லதாக இருக்கட்டும் என்று வாழ்த்துகிற முறைக்குப் பதிலாக, காலையில் நடக்க வேண்டியது உங்களுக்கு நடந்ததா என்று விசாரிக்கிற முறை இது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘குளிச்சியா’ என்றால் கேட்கப்படுகிறவர் சின்னவர். ‘குளிச்சியளா’ என்றால் பெரியவர். ‘குளிச்சாச்சா’ என்கிற வடிவத்தில் ஆள் யார் என்ற குறியே இல்லை. நீ என்பதா நீங்கள் என்பதா என்று தயங்க வேண்டிய இடத்தில் எல்லாம் அது கைகொடுக்கும். மரியாதையை முழுக்க முழுக்கப் பின்னால் வருகிற முறைப்பெயர் சுமக்கிறது: அண்ணாச்சி, மதினி, ஆச்சி, சித்தப்பா, மச்சான். முறைப்பெயரை எடுத்துவிட்டால் இந்த வணக்கம் மொட்டையாகிவிடும். அதாவது, உறவு முறை வைத்துக் கூப்பிடத் தெரிந்தவர்களுக்குள்தான் இது முழுதாக நடக்கும்.

அடுத்து, இந்த முறை செல்லாத இடங்களையும் பார்க்க வேண்டும். அதில்தான் அதன் விதிகள் தெளிவாகத் தெரியும்.

பயணம் கிளம்பி வாசலைத் தாண்டுகிறவரிடம் ‘எங்க போறிய?’ என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் தடைப்படும் என்று நம் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் ‘என்ன, தூரமா?’ என்று சுற்றிக் கேட்பார்கள். ‘ஆமா, மதுரை வரைக்கும்’ என்று பதில் வரும். அதேபோல் கிளம்புகிறவரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார், ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார்.

துக்க வீட்டில் எந்த வணக்கமும் இல்லை. உள்ளே போகிறவர் கும்பிட மாட்டார், வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார். கையைப் பிடித்துக்கொள்வதோடு சரி. திரும்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமலே எழுந்து போக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் துக்க வீட்டு வாசலில் பழக்கத்தில் ‘குட் ஈவினிங்’ என்று சொல்லிவிட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஊரில் அது பொழுதைச் சொல்லும் மரியாதை. நமக்கு வணக்கம் என்பது மங்கலம், ஆகவே அது அந்த வாசலில் நுழையக் கூடாது.

மூன்றாவது, முன்பின் தெரியாதவர்கள். தெரியாத ஒரு பெண்ணிடம் ஓர் ஆண் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பது வணக்கம் ஆகாது, அத்துமீறல் ஆகிவிடும். முறைப்பெயர் வைத்துக் கூப்பிட வழியில்லாத மேலதிகாரி, புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை, கவுண்டருக்கு அப்பால் இருக்கிற வங்கி ஊழியர் என்று இவர்கள் யாரிடமும் ஆற்றங்கரை வணக்கம் செல்லாது. பொழுதின் பெயரால் சொல்கிற வணக்கம் நமக்குத் தேவைப்பட்டது இங்கேதான்.

அப்படியானால், நம் பழக்கத்தில் காலைக்கும் மாலைக்கும் வணக்கமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது மனிதரைப் பார்த்துச் சொல்வதாக இல்லை. அதே படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி மூன்று தடவை விடுகிறவரைப் பாருங்கள். அவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சூரியனுக்கு. சாயங்காலம் டவுன் ரத வீதியில் ஒரு கடை முன்னால் நில்லுங்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடைக்காரர் விளக்கைப் போடுவார். போட்டதும் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தி, எரிகிற விளக்கைப் பார்த்துக் கையைக் குவித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முன்னால் நிற்கிற வாடிக்கையாளரில் பாதிப்பேரும் அப்படியே செய்வார்கள். குத்துவிளக்கு டியூப் லைட் ஆகி, டியூப் லைட் எல்இடி ஆன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. மாலை ஒளிக்குச் சொல்கிற வணக்கம் அது.

கோயில் இதை முறைப்படுத்தி வைத்திருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் திருவனந்தல், விளா பூஜை, காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று நாள் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொழுதுக்கும் தெய்வத்துக்குத் தனி உபசாரம் உண்டு. மார்கழியில் திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்புவதும், இரவில் பள்ளியறைக்கு அனுப்பி வைப்பதும் தெய்வத்துக்குச் சொல்லும் காலை வணக்கமும் இரவு வணக்கமும்தான்.

மற்றச் சமயத்தாரிடமும் இதே அமைப்பைப் பார்க்கிறேன். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இருவர் சந்தித்தால் எந்த வேளையானாலும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ ஒன்றுதான். பொழுதை ஐந்து வேளைத் தொழுகை பிரித்துக்கொடுக்கிறது. ‘அஸருக்குப் பொறவு வாரேன்’ என்றால் எத்தனை மணி என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கத்தோலிக்கக் கோயில்களில் காலை, நண்பகல், மாலை மூவேளையும் மணி அடித்துச் செபம் சொல்வது மரபு. மனிதருக்கு மனிதர் சொல்வதோ ‘இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க’ என்பது. சீர்திருத்தத் திருச்சபைக் கிராமங்களில் குருவானவரைப் பார்த்தால் ‘தோத்திரம் ஐயா’. காலையிலும் அதே, இரவிலும் அதே. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாச் சமயத்தாரும் பொழுதை இறைவனுக்குக் கொடுத்துவிட்டு, மனிதருக்கு எந்நேரமும் செல்கிற ஒரு சொல்லையோ, ஒரு விசாரிப்பையோ வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் ‘குட் மார்னிங்’ வந்தது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்களை வளர்த்தார்கள். 1843இல் சுலோசன முதலியார் தம் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலம் திறந்தபோது, படகை நம்பியிருந்த திருநெல்வேலிக்காரர்கள் பாளையங்கோட்டைக்கு நடந்தே போக முடிந்தது. மேல்கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைத்தெருவும், கீழ்க்கரையில் பள்ளிக்கூடமும் கல்லூரியும். ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் பழகிய ‘குட் மார்னிங்’ பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு வீட்டுக்கும் வந்தது. ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு முழுக்க எழுந்து, ‘குட்…மார்…னிங்…டீச்சர்’ என்று ஒரே ராகமாக இழுக்கிற அந்தக் குரலை நம்மில் கேட்காதவர் யார்?

அந்த வகுப்பறையில் நடந்த ஒரு மாற்றத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பழைய கிராமத்தில் எல்லோரும் எல்லோரிடமும் ‘காப்பி குடிச்சாச்சா’ என்று கேட்டுவிட முடியாது. சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘கும்பிடுதேன் எசமான்’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகப் பண்ணையார் கும்பிட மாட்டார். ஒரு தலையசைப்பு கிடைக்கும், பல நாள் அதுவும் கிடைக்காது. கும்பிடு ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் ‘குட் மார்னிங் டீச்சர்’ என்றால், ஆசிரியர் ‘குட் மார்னிங் சில்ரன், உட்காருங்க’ என்று அதே சொல்லைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. யார் பிள்ளை என்று பார்த்துச் சொல் மாறவில்லை. சாதி வேற்றுமை பள்ளிக்கூடத்தில் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது பல வேஷத்தில் அங்கேயும் இருந்தது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் சொன்ன சொல்லே திரும்பி வரும் என்ற வழக்கம் ஏழைப் பிள்ளைக்கு அங்கே கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் ‘நமஸ்காரம்’ இருந்த இடத்தில் ‘வணக்கம்’ என்பதை நிலைநாட்டியபோது, அதே வேலையைத் தமிழில் செய்தார்கள். வணக்கம் சொன்னால் வணக்கம் திரும்பி வர வேண்டும். அதன் முன்னால் காலை என்றும் மாலை என்றும் சேர்ப்பது ஆங்கிலத்தைப் பார்த்துப் பிறகு வந்த பழக்கம். சேர்த்தாலும் தவறில்லை. சேர்க்காவிட்டாலும் வணக்கம் எந்நேரத்துக்கும் போதுமானது.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரான்சில் கடைக்குள் நுழைகிறவர் சாமான் கேட்பதற்கு முன் ‘போன்ழூர்’ என்று சொல்லியாக வேண்டும். மாலையானால் ‘போன்சுவார்’. அதைச் சொல்லாமல் நேரே விலையைக் கேட்டால், கடைக்காரரை மனிதராக மதிக்கவில்லை என்று பொருள். நம் ஊரில் கடைக்காரரிடம் ‘அண்ணாச்சி, அரைக் கிலோ சீனி’ என்று கேட்டால் போதும். அந்த அண்ணாச்சிக்குள்ளேயே மரியாதை வந்துவிடுகிறது. அந்த முறைப்பெயர் அவர்களுக்கு இல்லாததால், பொழுதின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கிறார்கள்.

ஜப்பானில் காலையில் சொல்வது ‘ஒஹாயோ கொஜாய்மஸ்’. பகலில் சொல்கிற ‘கொன்னிச்சிவா’வை வீட்டிலிருப்பவர்களிடம் சொல்ல மாட்டார்கள், அது வெளியாருக்கு. இன்னொரு விந்தையும் உண்டு. உணவகத்திலும் தொலைக்காட்சி நிலையத்திலும் இரவுப் பணிக்கு வருகிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகும் காலைச் சொல்லையே சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். அங்கே அந்தச் சொல் சூரியனை விட்டுவிட்டு வேலை தொடங்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டது.

நைஜீரியாவின் யொருபா மக்கள் நமக்கு மிக நெருங்கியவர்கள். காலை, பகல், மாலை, இரவு என்று நான்குக்கும் அவர்களிடம் தனித்தனி வணக்கம் உண்டு. அது போதாதென்று, வேலை செய்துகொண்டிருப்பவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று என்று செயலுக்குச் செயல் வணக்கம் வைத்திருக்கிறார்கள். மேடைக்கு ஒன்று, படித்துறைக்கு ஒன்று என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒரே மொழி வழக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பொழுதையும் செயலையும் ஒன்றாக வணங்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

இன்று நம் வீடுகளில் இந்த இரண்டு முறையும் செல்பேசியில் வந்து மோதுகின்றன. நம் பிள்ளைகள் துபாயிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். அமெரிக்காவில் இருக்கிற மகளுக்கு இங்கிருந்து ‘காலை வணக்கம்’ அனுப்பினால் அங்கே அவள் இரவுச் சாப்பாட்டில் இருப்பாள். பொழுதைச் சொல்கிற வணக்கத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே சூரியன் வேண்டும். நம் ஆச்சிமார் போனை எடுத்ததும் ‘சாப்பிட்டியா ஐயா? அங்க இப்ப என்ன நேரம்?’ என்று கேட்கிறார்களே, அது எத்தனை மணி நேர வித்தியாசத்தையும் தாண்டிப் போகிறது. ரோஜாப்பூப் படத்தோடு வருகிற காலை வணக்கங்களை நான் குறை சொல்லவில்லை. அனுப்புகிறவர் நம்மை நினைத்துத்தான் அனுப்புகிறார். இந்தியர்கள் அனுப்பும் இத்தகைய படங்கள் செல்பேசியின் இடத்தை அடைத்துக்கொள்வதாக 2018இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. குறை படத்தில் இல்லை. ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பும்போது, பதில் கேட்கிற கேள்வி அதில் இல்லாமல் போகிறது. உடம்பு முடியாமல் தனியாக இருக்கிற ஒருவரும் அதே படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சாப்பிட்டாரா என்பது நமக்குத் தெரியாமலே போகும். ‘காப்பி குடிச்சாச்சா?’ என்று கேட்டிருந்தால், ‘இல்லப்பா, ரெண்டு நாளா காச்சல்’ என்று பதில் வந்திருக்கும்.

ஆகவே என் முடிவு இது. உறவுக்குள், தெருவுக்குள், தெரிந்தவர்களுக்குள் நம் பழைய விசாரிப்பை விட்டுவிடாதீர்கள். அதைவிடக் கூர்மையான காலை வணக்கம் நமக்கு வேறு இல்லை. அலுவலகத்திலும் பள்ளியிலும் புதியவர்களிடமும் வணக்கத்தையோ குட் மார்னிங்கையோ தயங்காமல் சொல்லுங்கள். யாரையும் உயர்த்தாமல், யாரையும் தாழ்த்தாமல், ஒரு பெண்ணும் ஓர் ஆணும் கூச்சமின்றிப் பரிமாறிக்கொள்ள அது ஏற்ற சொல்.

கடைசியாக ஒன்று. யார் முதலில் சொல்வது? சின்னவர்தான் என்பது நம் பழக்கம். மேலப்பாளையத்துப் பெரியவர்களைக் கேட்டால் அவர்கள் மார்க்கத்தில் உள்ள ஓர் ஒழுங்கையும் சொல்வார்கள்: வாகனத்தில் வருகிறவர் நடந்து வருகிறவருக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும், சொன்ன வாழ்த்தைவிட நல்லதையோ அதற்குச் சமமானதையோ திருப்பித் தர வேண்டும். காரில் போகிறவர்கள் இந்த அவையில் நிறைய இருக்கிறீர்கள். நாளைக் காலையில் உங்கள் தெருவைப் பெருக்க வருகிற தூய்மைப் பணியாளருக்கும், அலுவலக வாசலில் நிற்கிற காவலாளிக்கும் அவர்கள் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். ‘வணக்கம்’ என்று சொல்லுங்கள், அல்லது ‘காப்பி குடிச்சாச்சா அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்கிற பதிலை நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.